இறந்தவருக்குப் பாடிய பாட்டை எப்படிப் படிப்பது: திதி வெண்பாவும் புலம்பலும்

மலையகத்தில் பல வீடுகளில், சாமிப் படங்களுக்குப் பின்னாலோ டிரங்குப் பெட்டியின் அடியிலோ, ஒரு மெல்லிய சிறு புத்தகம் இருக்கும். அட்டையில் கறுப்புக் கரை, உள்ளே ஒரு புகைப்படம், சில தேவாரங்கள், பிறகு சில பாட்டுகள். இலங்கையில் இதைக் கல்வெட்டு என்றும் நினைவு மலர் என்றும் சொல்வார்கள். கருமாதி அன்றோ முப்பத்தோராம் நாளிலோ வந்தவர்களுக்குக் கொடுக்க அச்சடிப்பது வழக்கம். புத்தகம் போட வசதியில்லாத வீட்டில் அது ஒற்றைத் தாளாக இருக்கும். வாசித்து முடிந்ததும் அந்தப் பாட்டுகளின் வேலை தீர்ந்துவிட்டதாகவே பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள்.

இந்த வழிகாட்டி அப்படி ஒரு தாளைக் கையில் எடுத்திருக்கும் புதியவருக்கானது. பாட்டில் வரும் ஆளை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், யாப்பும் தெரியாமல் இருக்கலாம். ஒரு பென்சில், ஒரு வெற்றுத்தாள், அறுபது தமிழ் வருடப் பெயர்களின் பட்டியல் ஆகிய மூன்றும் போதும். பட்டியல் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடைக்கும்.

பழகுவதற்காக இரண்டு பாட்டுகளை இந்தக் கட்டுரைக்கென்றே கட்டியிருக்கிறோம். அவை எந்தக் குடும்பத்துடையவையும் அல்ல. ஆனால் மலைநாட்டில் கைக்குக் கிடைக்கும் தாள்களின் அச்சில் வார்த்தவை. தோட்டத்தில் வேலை செய்து மறைந்த ஒரு தாய்க்கு அச்சிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது திதி வெண்பா:

ஆண்டு குரோதனம் சித்திரை மாதத்தில்
பூண்டவொளி தேயும் பிறைநான்கில் - ஈண்டெம்மை
விட்டுமலை நீங்கினாள் வேலவன் சேவடியைத்
தொட்டுநிழல் சேர்ந்தாள் தொழுது.

இரண்டாவது, மக்கள் புலம்பல்:

கூடையின் கயிறு தாங்கிக்
  கொழுந்தினைக் கிள்ளி நின்றாய்
கோடையும் பனியும் பாராய்
  குளிரினில் எம்மைக் காத்தாய்
ஓடமும் நின்ற தாலே
  ஒருமகன் வரவே இல்லை
பாடையைத் தூக்கும் போதும்
  படிதொறும் அழுதோம் அம்மா.

முதல் வேலை: நாளைக் கண்டுபிடிப்பது

திதி வெண்பாவின் பிரதான வேலை ஒன்றுதான். ஆண்டுதோறும் திவசம் கொடுக்க வேண்டிய நாளை மறக்க முடியாதபடி நாலு அடியில் கட்டிவைப்பது. ஆங்கிலத் திகதி அதில் இருக்காது. தமிழ் வருடம், மாதம், பிறை, திதி என்ற நான்கும் இருக்கும். அவற்றைப் பென்சிலால் கோடிட்டு எடுங்கள். நம் வெண்பாவில் குரோதன வருடம், சித்திரை மாதம், தேய்பிறை, நான்காம் திதியாகிய சதுர்த்தி. ‘பூண்டவொளி தேயும் பிறை’ என்று சுற்றிச் சொல்வது தேய்பிறையைத்தான். வேறு தாள்களில் அபரபக்கம் என்று இருக்கும். வளர்பிறையானால் பூர்வபக்கம்.

வருடத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. அறுபது வருடப் பட்டியலில் அந்தப் பெயர் எத்தனையாவது என்று பாருங்கள். அந்த எண்ணோடு 1986ஐக் கூட்டுங்கள். பிறகு தேவைக்கேற்ப அறுபது அறுபதாகக் கழியுங்கள். குரோதன 59ஆவது பெயர். 1986ஐக் கூட்டினால் 2045, அறுபது கழித்தால் 1985, இன்னும் அறுபது கழித்தால் 1925. ஆக இந்தத் தாய் 1985இலோ 1925இலோ இறந்திருக்கிறார். இரண்டில் எது என்பதை வெண்பா சொல்லாது. அதற்குப் புலம்பலுக்குப் போகவேண்டும், கொஞ்சம் பொறுங்கள்.

இங்கே புதியவர்கள் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குகிறது. எனவே மார்கழி நடுப்பகுதிக்குப் பிறகு, தை, மாசி, பங்குனி மாதங்களில் நடந்த மரணத்துக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும். குரோதன வருடம் மாசி மாதம் என்று இருந்தால் அது 1986, 1985 அல்ல. குடும்பத்தின் கணக்கும் தாளின் கணக்கும் சரியாக ஒரு வருடம் வேறுபட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நாளைப் பிடிக்க அந்த மாதத்துப் பூரணையிலிருந்து எண்ணுங்கள். இலங்கையில் போயா விடுமுறை இருப்பதால் பழைய கலண்டரில் பூரணையைக் கண்டுபிடிப்பது சுலபம். 1985 சித்திரைப் பூரணை மே 4ஆம் திகதி இரவு. மறுநாள் பிரதமை, பிறகு துதியை, திரிதியை, நான்காவதாகச் சதுர்த்தி. மே 8ஐ ஒட்டி வருகிறது. ‘ஒட்டி’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திதி நள்ளிரவில் தொடங்குவதில்லை, பகலிலோ இரவிலோ எந்த நேரத்திலும் மாறும். ஒருநாள் முன்பின் ஆவது பிழையல்ல. சரியான திகதி வேண்டுமென்றால் மரண அத்தாட்சிப் பத்திரத்தைப் பாருங்கள். ஒரு நாள் வித்தியாசம் வந்தால் இரண்டையும் எழுதிவையுங்கள், ஒன்றை இன்னொன்றுக்காகத் திருத்த வேண்டாம்.

சில மாதங்களில் ஒரே திதி இருமுறை வரும், மார்கழி போன்ற குறுகிய மாதத்தில் ஒரு திதி வராமலே போகவும் கூடும். திதி வெண்பாவில் நட்சத்திரமோ கிழமையோ சேர்த்துச் சொல்லியிருந்தால் அது அலங்காரம் அல்ல, இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வைத்த திறவுகோல்.

யாப்பு சாட்சி சொல்லும் இடம்

தமிழ் வருடப் பெயர்களில் ஒன்றையொன்று ஒத்த சோடிகள் உண்டு. குரோதி, குரோதன. விரோதி, விரோதிகிருது. விளம்பி, ஏவிளம்பி. தாள் மழையீரத்தில் அழிந்திருந்தால், அல்லது பேரப்பிள்ளை கையால் பிரதி எடுத்திருந்தால், ‘குரோ’ மட்டும் தெளிவாக இருக்கும், மிச்சம் ஊகமாகிவிடும். குரோதி என்று படித்தால் ஆண்டு 1964, குரோதன என்று படித்தால் 1985. இருபத்தோரு வருட வித்தியாசம்.

வெண்பாவில் எழுதியிருந்தால் இதைத் தீர்க்க வழி இருக்கிறது. அதற்கு யாப்பில் இரண்டே செய்திகள் தெரிந்தால் போதும். அடியில் இடம்விட்டு நிற்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு சீர். சீரைப் பிரித்தால் வருவது அசை, அது நிரை, நேர் என இரண்டு வகை. அசையின் தொடக்கம் குறிலாக இருந்து அடுத்த உயிர்மெய்யையும் சேர்த்துக்கொண்டால் அது நிரை. ‘குரோ’, ‘பிறை’, ‘தொழு’ எல்லாம் நிரை. நெடிலாகத் தனியே நின்றாலோ, குறில் சீரின் கடைசியில் தனித்து மிஞ்சினாலோ, குறிலுக்கோ நெடிலுக்கோ பின் மெய்யெழுத்து வந்து நிறுத்தினாலோ அது நேர். ‘ஆண்’, ‘சித்’, ‘விட்’ எல்லாம் நேர். இது முதல் செய்தி.

இரண்டாவது, வெண்பாவில் ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதி, இதைத் தளை என்பார்கள். ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்கவேண்டும். நிரையில் முடிந்தால் அடுத்தது நேரில் தொடங்கவேண்டும். நேரில் முடியும் மூவசைச் சீருக்குப் பின்னும் நேர்தான்.

இப்போது முதலடியைச் சோதியுங்கள். ‘குரோதனம்’ என்பதைக் குரோ-தனம் என்று பிரித்தால் நிரை-நிரை. நிரையில் முடிகிறது, அடுத்து நேரில் தொடங்கும் ‘சித்திரை’ வருகிறது, பொருந்துகிறது. ‘குரோதி’ என்று போட்டுப் பாருங்கள். குரோ-தி, நிரை-நேர். நேரில் முடிந்த ஈரசைச் சீர் அடுத்து நிரையைக் கேட்கும், ஆனால் ‘சித்திரை’ நேரில் தொடங்குகிறது. தளை தட்டுகிறது. எனவே எழுதியவர் வெண்பா அறிந்தவர் என்றால் அவர் எழுதியது குரோதனம்தான்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. தாள் முழுவதிலும் தளை தட்டிக்கொண்டே போனால் எழுதியவருக்கு யாப்பு பழக்கமில்லை என்று பொருள், அப்போது ஒரு சீரை வைத்து எதையும் நிறுவ முடியாது. மற்ற மூன்றடிகளும் சுத்தமாக நின்று ஒரே ஒரு இடம் மட்டும் இடறினால்தான் அங்கே அச்சுப்பிழை என்று சொல்லலாம்.

யார் பேசுகிறார் என்று கேளுங்கள்

புலம்பல் பகுதிக்கு வந்ததும் பலர் செய்யும் பிழை, அதைப் பிள்ளைகளே எழுதியதாக எடுத்துக்கொள்வது. தலைப்பில் ‘மக்கள் புலம்பல்’, ‘மனைவி புலம்பல்’, ‘பேரப்பிள்ளைகள் புலம்பல்’ என்று இருக்கும். எழுதுபவர் பெரும்பாலும் வேறொருவர். ஊரில் பாட்டுக் கட்டத் தெரிந்த ஆசிரியராகவோ, கோயில் காரியங்களில் முன்நிற்பவராகவோ, அச்சகத்தோடு பழக்கமுள்ளவராகவோ இருப்பார். குடும்பத்தார் அவரிடம் போய் உட்கார்ந்து பெயர்களையும் உறவுகளையும் சில செய்திகளையும் சொல்வார்கள். அவர் ஒவ்வொரு உறவின் வாயிலும் ஒரு பாட்டை வைப்பார்.

லயத்தில் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் பாடும் ஒப்பாரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ஒப்பாரியில் பாடுகிறவளே துக்கக்காரி. பாட்டு அவள் வாயில் அப்போதே பிறக்கிறது, அவள் நினைத்தால் பழைய மனத்தாங்கலையும் அதில் போட்டு உடைப்பாள். அச்சிட்ட புலம்பல் எல்லோரும் கேட்கத் தக்கதாக முன்கூட்டியே ஒழுங்குபடுத்திய பேச்சு. அதனால் அதை உள்ளக் குமுறலின் நேர்ப் பதிவாகப் படிக்காதீர்கள். ஊருக்கு முன்னால் ஒரு குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பியது எது என்று படியுங்கள். அப்படிப் படித்தால் அது தரும் செய்தி மிக அதிகம்.

யார் யாருக்குத் தனிப் புலம்பல் இருக்கிறது, யார் பெயர் ஒரு வரியோடு முடிகிறது, யார் இல்லவே இல்லை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். மருமகன்மாருக்கு ஒரு பாட்டு இருந்து மருமகள்மாருக்கு இல்லையென்றால் அதுவும் ஒரு குறிப்பு. உடனே கதை கட்டவேண்டாம். பக்கம் போதாமல்கூட விட்டிருப்பார்கள். பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டுப் பெரியவரிடம் பக்குவமாகக் கேளுங்கள்.

மாற்றிவைத்துப் பார்த்தல்

அடுத்து ஒவ்வொரு அடியையும் எடுத்து, இதை வேறொரு தாயின் தாளில் ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சடிக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் ஓரத்தில் ஒரு கோடு. முடியாது என்றால் ஒரு வட்டம்.

‘கோடையும் பனியும் பாராய்’ எந்தத் தாய்க்கும் பொருந்தும், எனவே கோடு. ‘கூடையின் கயிறு தாங்கி’ கொழுந்தெடுத்த தாய்க்கு மட்டும் பொருந்தும், வட்டம். ‘ஓடமும் நின்ற தாலே ஒருமகன் வரவே இல்லை’ அதைவிடக் குறுகியது, ஒரு காலத்துக்கும் ஒரு குடும்பத்துக்கும் மட்டும் உரியது. அதற்கு இரட்டை வட்டம் போடலாம். ‘படிதொறும் அழுதோம்’ இடத்தைக் காட்டுகிறது. லயத்திலிருந்து இறங்கவும் மலையில் ஏறவும் படிகள்தான், பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்தப் படிகளில் தோள் மாற்றுவது எவ்வளவு சிரமம் என்பது தூக்கியவர்களுக்குத் தெரியும்.

கோடு போட்ட அடிகளைத் தள்ளிவிடாதீர்கள். குலவிளக்கு, ஆலமரம், கற்பகத்தரு என்று வருவதெல்லாம் மரபுச் சொற்கள். தோட்டத்தில் வருடம் முழுதும் பேர்ச்சீட்டில் ஒரு எண்ணாக நின்ற பெண்ணைக் கற்பகத்தரு என்று அழைக்க மரபு ஒரு நாளைக் கொடுக்கிறது. அரசனுக்குச் சொன்ன சொற்கள் இவளுக்கும் வருவது அந்தத் தாளில் நடக்கும் பெரிய காரியம். எந்தெந்த மரபுச் சொல்லைத் தேர்ந்தார்கள், எதை விட்டார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது.

எதுகை கொண்டுவந்த சொல்லும், செய்தி கொண்டுவந்த சொல்லும்

எங்கள் அனுபவத்தில் புதியவர்கள் மிகவும் ஏமாறும் இடம் இது, ஆகவே இதில் சற்று நின்று போகவேண்டும்.

இந்தப் புலம்பல் விருத்தத்தில் நாலடிக்கும் தொடக்கம் கூடை, கோடை, ஓடம், பாடை. இரண்டாம் எழுத்து ‘ட’கர வரிசையில் ஒத்து வருவது எதுகை. முதலடியின் எதுகைச் சொல்லைப் புலவர் தன் விருப்பப்படி தேர்ந்தார். மற்ற மூன்று சொற்களும் அந்த முதல் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வந்தவை. ஆகவே ‘கூடை’ வலுவான சாட்சி. கொழுந்துக் கூடையிலிருந்துதான் இந்தப் பாட்டே கிளம்புகிறது. ‘பாடை’ பலவீனமான சாட்சி. இந்தத் தாயைப் பாடையில் கொண்டுபோனார்கள் என்று இதை வைத்து எழுதிவிடாதீர்கள். பெட்டியில் கொண்டுபோயிருந்தாலும் ‘பெட்டி’ இந்த எதுகையில் உட்காராது, புலவர் ‘பாடை’ என்றுதான் எழுதியிருப்பார். தோட்டத்துச் சாவுச் சடங்குகளைப் பற்றி இப்படிப்பட்ட பாட்டிலிருந்து செய்தி எடுக்கிறவர்கள் எதுகைச் சொல்லை நம்பித்தான் தவறுகிறார்கள்.

‘ஓடம்’ இரண்டும் கலந்தது. அந்தச் சொல் எதுகைக்காக வந்தது. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே ஓடியது ஓடம் அல்ல, கப்பல். ஆனால் ‘நின்றதாலே’ என்ற சொல் எதுகைக்காக வரவில்லை. அங்கே வேறு எத்தனையோ சொற்கள் உட்காரும். ஆகவே ஓடத்தை நம்பாமல், நின்றுபோனதை நம்புங்கள். மோனைக்கும் இதே கணக்குத்தான். ‘கொழுந்தினை’, ‘குளிரினில்’, ‘ஒருமகன்’, ‘படிதொறும்’ ஆகிய நான்கும் அந்தந்த அடியின் முதலெழுத்தோடு மோனைக்காக ஒட்டியவை. ‘ஒருமகன்’ என்பதைப் பார்த்து இவருக்கு ஒரே மகன் என்று முடிவுகட்டக் கூடாது. பல மகன்களில் ஒருவன் என்றும் பொருள் கொள்ளலாம், ‘மூத்தமகன்’ என்றால் மோனை கெடும் என்பதால் இப்படி எழுதியிருக்கவும் கூடும். வீட்டில் கேட்டுத்தான் தீர்க்கவேண்டும். ‘படிதொறும்’ என்பதற்குப் போட்ட வட்டத்தையும் இதனால் பென்சிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மை போடவேண்டாம்.

அந்த ஒரு அடி

இனி 1925ஆ 1985ஆ என்ற கேள்விக்கு வருவோம். தலைமன்னார் வழிக் கப்பல் சேவை 1914இல் தொடங்கியது. 1925இல் அது ஓடிக்கொண்டிருந்தது, தோட்டத்து மக்கள் ஊருக்குப் போவதும் வருவதும் அந்த வழியாகத்தான். போர் மூண்ட பிறகு, 1980களின் நடுப்பகுதியில் அது நின்றது. ‘ஓடமும் நின்றதாலே’ என்ற அடி 1985இல் கச்சிதமாகப் பொருந்துகிறது. வெண்பா தர முடியாத ஆண்டைப் புலம்பலின் ஒரு அடி தந்துவிட்டது.

அந்த மகன் ஏன் அக்கரையில் இருந்தான்? 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பது என்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்றும் பிரித்தார்கள். விண்ணப்பம் குடும்பத்துக்குக் குடும்பம் தனித்தனி. கலியாணம் முடித்த பிள்ளை ஒரு நாட்டுக்கும் தாய் இன்னொரு நாட்டுக்கும் ஆனது அப்படித்தான். இத்தனையும் அந்த அடிக்குள் சொல்லாமல் இருக்கிறது. கேட்டு நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. நமக்குத் தேவைப்படுகிறது, அதனால் இதை உங்கள் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும்.

இன்னும் ஒன்று கவனியுங்கள். புலம்பல் பொதுவாகக் காரணம் சொல்லாது. ஏன் போனாய், எங்கே போனாய், இனி யார் இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே போகும். இங்கே ‘நின்றதாலே’ என்று ஒரு காரணச் சொல் நடுவில் வந்து நிற்கிறது. அது அழுகையின் மொழி இல்லை, விளக்கத்தின் மொழி. கொள்ளி வைக்க வேண்டிய மகன் ஏன் வரவில்லை என்று இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பார்கள். அவன் மறந்தவன் அல்ல, வழிதான் அடைந்துவிட்டது என்று குடும்பம் ஊருக்கு முன்னால் பாட்டாகவே பதில் சொல்லியிருக்கிறது. வராத மகனின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இத்தகைய காரணச் சொல் கண்ணில் பட்டால் அங்கே நில்லுங்கள். ‘ஆதலால்’, ‘என்றாலும்’, ‘இருந்தபோதும்’ போன்றவையும் அப்படித்தான்.

நிகழ்ச்சியைக் கழித்தபின் மிஞ்சுவது

இந்தப் படிப்பின் கடைசிக் கட்டம், ஆளையும் நாளையும் மறந்துவிட்டுப் பாட்டை மட்டும் பார்ப்பது. அளவுகோலாக ஒரு பழைய பாட்டை வைத்துக்கொள்ளலாம். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய கையறுநிலை, புறநானூற்றில் 242ஆவது:

இளையோர் சூடார் வளையோர் கொய்யார்
நல்லியாழ் மருப்பின் மெல்ல வாங்கிப்
பாணன் சூடான் பாடினி அணியாள்
ஆண்மை தோன்ற ஆடவர்க் கடந்த
வல்வேற் சாத்தன் மாய்ந்த பின்றை
முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே.

இதுவும் ஒரு சாவுக்கு எழுதியதுதான். சாத்தன் எப்படி இருந்தான், எந்தப் போரில் நின்றான் என்று நமக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது, ஆனாலும் பாட்டு நிற்கிறது. காரணத்தைப் பாட்டிலேயே பார்க்கலாம். புகழ்ச்சி நாலாவது அடியோடும் ‘வல்வேல்’ என்ற ஒரு சொல்லோடும் முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் ஒரு பூவைப் பற்றியது. சூடுகிறவர் இல்லை, கொய்கிறவர் இல்லை, யாழ்க்கோட்டால் கொடியை மெல்ல வளைத்துப் பறிக்கும் பாணனும் இல்லை. இத்தனை ‘இல்லை’க்கும் நடுவே முல்லை பூத்திருக்கிறது, அதைப் பார்த்து நீயுமா என்று கேட்கிறார். துக்கம் ஒரு பொருளின் மேல் இறங்கியிருக்கிறது.

நம் புலம்பலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடையின் கயிறு அப்படி ஒரு பொருளாகியிருக்கலாம். தலையில் மாட்டி, நெற்றிமேல் இழுபட்டு, வருடக்கணக்கில் தடம் பதித்த கயிறு. ஆனால் பாட்டு அதைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. திரும்பி வரவில்லை. இரண்டாமடி வெறும் நிரப்பு. மூன்றாமடிதான் பாட்டைத் தாங்குகிறது, அதை எடுத்துவிட்டால் இது ஆயிரம் தாள்களில் ஒன்று. இந்தத் தீர்ப்பைக் குறிப்பில் மறைக்காமல் எழுதுங்கள். இறந்தவருக்கு மரியாதை செய்வதும் பாட்டை நல்லது என்று சொல்வதும் வேறு வேறு.

முடிசூட்டுக்கும் கலியாணத்துக்கும் எழுதிய வாழ்த்துகளுக்கும் இதே வழிதான், ஒரு மாற்றத்தோடு. புலம்பல் இல்லாமல் போனதைச் சொல்கிறது, வாழ்த்து இன்னும் வராததைச் சொல்கிறது. மாதம் மும்மாரி பெய்கிறது, களவு இல்லை, பசி இல்லை என்று புதிய அரசனைப் பார்த்துப் பாடினால் அது நாட்டின் நிலவரம் அல்ல, அவனிடம் வைத்த வேண்டுகோள். 1798இல் கண்டியில் சிங்காசனம் ஏறிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டு 1832இல் வேலூரில் காவலில் இறந்தான். அப்படிப்பட்ட ஓர் அரசனை வாழ்த்திய பாட்டு கையில் கிடைத்தால் பொய்த்துப்போனது என்று ஒதுக்காமல், எந்தெந்த வேண்டுகோளை முதலில் வைத்தார்கள் என்று வரிசையைப் பாருங்கள். கலியாண வீட்டில் சட்டம் போட்டு மாட்டும் வாழ்த்து மடலிலும் பிள்ளைப்பேறு முதலில் வருகிறதா, படிப்பா, சொந்த நிலமும் வீடுமா என்று பார்த்தால் அந்தப் பத்தாண்டில் ஊர் எதற்கு ஏங்கியது என்று தெரியும்.

தாளைக் கையாளும்போது

மலைநாட்டு ஈரத்தில் இந்தத் தாள்கள் பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பக்கத்தை இழுத்துப் பிரிக்காதீர்கள், வெயில் நேரடியாகப் படாத உலர்ந்த அறையில் இரண்டொரு நாள் திறந்து வைத்தால் சிலது தானாக இளகும். கிழிந்த தாளுக்கு டேப் ஒட்டுவதும் லாமினேட் செய்வதும் நல்லெண்ணத்தில் செய்யும் கேடு. பசை பழுப்பேறி எழுத்தைத் தின்னும், உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேறாது, பிறகு பிரிக்கவும் முடியாது. ஜன்னலோரம் வைத்து, பிளாஷ் இல்லாமல், கைபேசியை நேர் மேலே பிடித்து ஒவ்வொரு பக்கத்தையும் அட்டையோடு படமெடுங்கள். அச்சகத்தின் பெயர் கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், அதை விடாதீர்கள்.

பிரதி எடுக்கும்போது ழகர ளகரப் பிழைகளைத் திருத்தாமல் உள்ளபடி எழுதி, உங்கள் ஊகத்தைப் பக்கத்தில் தனியாகக் குறியுங்கள். ‘நூலகம்’ என்ற இணையத்தளம் போன்ற எண்ணிம நூலகங்கள் நினைவு மலர்களைச் சேர்த்து வைக்கின்றன, ஆனால் கொடுப்பதற்கு முன் குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் பெயரும் உறவும் அதில் இருக்கின்றன. சம்மதம் கேட்கப் போகும்போது புலம்பலை ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், வீட்டில் மூத்த பெண் வாசித்தால் நல்லது. அவர் குரல் எந்த அடியில் நிற்கிறது என்று பார்த்து, அந்த அடிக்கு நேரே தாளில் ஒரு புள்ளி வையுங்கள்.